4. தங்கவயல் டிரங்குப் பெட்டி: ஜிப்பும் லேபிளும் தையலும் சொல்லும் வயது

கோலார் தங்கவயலில் பழைய உடைகள் வெளிச்சத்துக்கு வருவது பெரும்பாலும் வீடு காலி செய்யும்போதுதான். 2001 பிப்ரவரி 28-இல் சுரங்கம் மூடப்பட்ட பிறகு பிள்ளைகள் பெங்களூருக்கு வேலை தேடிப் போய்விட்டார்கள். பெரியவர்கள் காலமான பின் ராபர்ட்சன்பேட்டையிலோ சாம்பியன் ரீஃபிலோ உள்ள வீட்டைப் பூட்டும் நாள் வரும். அன்று பரணிலிருந்து இரும்பு டிரங்குப் பெட்டி இறங்கும். உள்ளே ஒரு கம்பளிக் கோட்டு, பூப்போட்ட கவுன் ஒன்றிரண்டு, முழங்கால் வரை வரும் காக்கி நிக்கர், கல்யாண வெள்ளைச் சட்டை. கூடவே ஒரு கதையும் இருக்கும்: "துரை ஊருக்குப் போகும்போது தாத்தாவுக்குக் கொடுத்தது, நூறு வருஷம் இருக்கும்."

அந்தக் கதையை எப்படிச் சரிபார்ப்பது என்பதுதான் இந்த அத்தியாயம். தங்கவயலை எடுத்துக்கொண்டதற்குக் காரணம் உண்டு. 1880-இல் ஜான் டெய்லர் கம்பெனி இங்கே கால் வைத்தது முதல் இங்கிலாந்துக் கடைகளில் வாங்கிய உடை, பெங்களூர் கண்டோன்மெண்டில் அளவு கொடுத்துத் தைத்த உடை, ஊர்த் தையல்காரர் தைத்த உடை என்று மூன்று வகையும் ஒரே ஊரில் புழங்கின. துரை வீட்டிலிருந்து ஆங்கிலோ இந்தியர் வீட்டுக்கும், அங்கிருந்து பட்லர், ஆயா வீட்டுக்கும் துணிகள் கை மாறின. கை மாறிய ஒவ்வொரு முறையும் பிரித்துத் தைக்கப்பட்டன. ஆகவே இங்கே கிடைக்கும் ஓர் உடையில் இரண்டு மூன்று காலங்கள் ஒன்றாக இருக்கும். அவற்றைப் பிரித்துப் பார்க்கத் தெரிந்தால் வேறு எந்த ஊர்ப் பெட்டியையும் திறக்கலாம்.

அடிப்படை விதி ஒன்றுதான். ஓர் உடையில் தைத்த நாளிலிருந்தே உள்ள பாகங்களில் எது மிகப் புதியதோ, அதைவிட அந்த உடை பழையதாக இருக்க முடியாது. "தைத்த நாளிலிருந்தே உள்ள" என்ற சொற்களை மறந்துவிடக் கூடாது. 1948-இல் தைத்த கவுனில் 1975-இல் ஜிப் மாற்றியிருந்தால் கவுனின் வயது மாறாது. பழுது பார்த்த காலம் மட்டுமே தெரியவரும். இன்னொன்றும் உண்டு. இந்த விதி கீழ் எல்லையைத்தான் உறுதியாகத் தரும். "இதற்கு முன் இருக்க முடியாது" என்று அடித்துச் சொல்லலாம். "இதற்குப் பின் இருக்க முடியாது" என்பது எப்போதும் கொஞ்சம் தளர்வாகவே இருக்கும், ஏனென்றால் பழைய சரக்கையும் பழைய பழக்கத்தையும் தையல்காரர்கள் லேசில் விடுவதில்லை.

வேலைக்கு வேண்டியவை: வெள்ளைப் படுக்கை விரிப்பு, பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸ், இஞ்ச் டேப், சிறு இடுக்கி, ஒரு காந்தத் துண்டு. மின்விளக்கைவிட ஜன்னல் வெளிச்சம் நல்லது. உடையைத் துவைக்காதீர்கள், இஸ்திரி போடாதீர்கள். பார்க்க வேண்டிய மடிப்புத் தடமும் கறையும் அதில்தான் போய்விடும். முதலில் உள்பக்கம் வெளியே வரும்படி திருப்பிப் போடுங்கள். வெளிப்பக்கம் உடுத்தியவரைக் காட்டும். தைத்தவரைப் பார்க்க உள்பக்கத்துக்குத்தான் போக வேண்டும். தங்கவயல் உடைகளில் பாக்கெட் மூலைகளிலும் கால்மடிப்புகளிலும் நைசான வெளிர் தூசி படிந்திருப்பதுண்டு. சுரங்கக் கழிவான சயனைடு மேடுகளிலிருந்து காற்றில் வந்த தூசியாக அது இருக்கலாம். அதை வீட்டுக்குள் உதறாமல், மூக்கையும் வாயையும் மூடிக்கொண்டு வாசலில் வைத்து மெல்லத் தட்டிவிடுங்கள். உடை எந்த ஊரில் புழங்கியது என்பதற்கு அது ஒரு தடயம், வயதுக்கு அல்ல.

ஜிப்

ஜிப்பைப் பார்த்ததும் "பித்தளைப் பல், ஆகவே பழசு" என்று முடிவு கட்டுபவர்கள் அதிகம். அது தவறு. உலோகப் பல் ஜிப் இன்றைய ஜீன்ஸ் பேண்டிலும் இருக்கிறது. ஜிப்பிலிருந்து உறுதியாகக் கிடைக்கும் சாட்சி மறுபக்கத்திலிருந்து வருகிறது: நைலான் சுருள் ஜிப் உடையோடு பிறந்ததாக இருந்தால், அந்த உடை பழையதல்ல. பல் தனித்தனியாக இல்லாமல், நைலான் இழை ஒன்று ஸ்பிரிங் போலச் சுற்றிச் சுற்றி நாடாவின் ஓரம் முழுக்க ஓடுவதுதான் சுருள் ஜிப். 1950-களின் இறுதியில் உருவாகி 1960-களில்தான் உலகச் சந்தையில் பரவியது. உலோகப் பல் ஒரு வாய்ப்பை மட்டும் திறந்துவைக்கும். நைலான் சுருள் ஒரு கதவை மூடிவிடும்.

உலோக ஜிப்புக்கும் ஒரு தொடக்கம் உண்டு. இன்று நாம் அறிந்த வடிவத்துக்கு கிடியோன் சுண்ட்பேக் என்ற பொறியாளர் அமெரிக்காவில் 1917-இல் காப்புரிமை பெற்றார். முதலில் பூட்ஸுக்கும் பைகளுக்கும்தான் போனது. ஆண்களின் பேண்டுக்கு 1930-களின் நடுவிலும், பெண்களின் கவுனுக்கு அந்தப் பத்தாண்டின் இறுதியிலும் வந்து சேர்ந்தது. ஆகவே 1920-களின் கவுன் என்று ஒருவர் கொடுப்பதில் இடுப்போரம் ஜிப் இருந்தால், ஒன்று கவுன் அந்தக் காலத்தது அல்ல, அல்லது ஜிப் பிறகு வந்தது. இரண்டாம் உலகப் போரின்போது பிரிட்டனில் உலோகத் தட்டுப்பாடு வந்து, கவுன்களில் மறுபடியும் கொக்கியும் டிச் பட்டனும் இடம் பிடித்தன. போர்க்காலக் கவுனில் ஜிப் இல்லை என்பதால் அதை இன்னும் பழைய காலத்துக்குத் தள்ளிவிடாதீர்கள்.

ஜிப் எங்கே இருக்கிறது என்பதும் பேசும். கவுனின் இடப்பக்கம், அக்குளுக்குக் கீழே தொடங்கி இடுப்பைத் தாண்டி இறங்கும் உலோக ஜிப் 1930-களின் இறுதியிலிருந்து 1950-கள் வரை வழக்கம். முதுகின் நடுவே கழுத்திலிருந்து இறங்கும் நீண்ட ஜிப் 1950-களின் பிற்பகுதியிலிருந்து வழக்கமானது. இது விதியல்ல, பெரும்போக்கு. ஊர்த் தையல்காரர் தனக்குப் பழகிய இடத்திலேயே இன்னும் பத்து வருடம் வைப்பார். ரன்னரின் முகத்தை லென்ஸில் பாருங்கள். "லைட்னிங்" என்று இருந்தால் பெரும்பாலும் பிரிட்டனில் செய்தது, "டேலன்" என்று இருந்தால் பெரும்பாலும் அமெரிக்காவில் செய்தது. "ஒய்கேகே" ஜப்பான் நிறுவனத்தின் முத்திரை. அந்த நிறுவனம் 1934-இல் தொடங்கினாலும் ஜப்பானுக்கு வெளியே பெரிதாகப் பரவியது மிகப் பின்னால்தான். போர்க்காலத்து இங்கிலாந்துக் கவுனில் ஒய்கேகே ரன்னர் தெரிந்தால் அது மாற்றிய ஜிப் என்றே வைத்துக்கொள்ளலாம்.

மாற்றிய ஜிப்பைக் கண்டுபிடிப்பது இந்த ஊரில் தினசரி வேலை. ஜிப் நாடாவை ஒட்டிய துணியை வெளிச்சத்துக்கு எதிரே பிடியுங்கள். இப்போதைய தையல் வரிசைக்குப் பக்கத்திலேயே, நூல் இல்லாத ஊசித் துளைகள் இன்னொரு வரிசையாகத் தெரிந்தால் முன்பு அங்கே வேறு ஏதோ தைத்திருந்தது என்று பொருள். துணி நன்றாக வெளுத்திருக்க, நாடா மட்டும் புத்தம்புது நிறத்தில் இருந்தாலும் சந்தேகப்படுங்கள். உலோகம் துணியில் விடும் கறை இன்னொரு சாட்சி. பித்தளை பச்சைக் களிம்பையும் இரும்பு செம்மண் நிறத் துருவையும் விடும். இப்போது இருப்பது நைலான் ஜிப், ஆனால் பக்கத்துத் துணியில் வரிசையாகப் பச்சைப் புள்ளிகள் என்றால், பழைய பித்தளை ஜிப் போன இடம் அதுதான். காந்தம் ஒட்டினால் இரும்பு. பித்தளையிலும் அலுமினியத்திலும் ஒட்டாது. ஓட விடுவதற்காக எண்ணெய் போடாதீர்கள், கறை போகாது. சிக்கிக்கொண்ட ஜிப்பை இழுக்கவும் வேண்டாம். மூடிய நிலையிலும் வேண்டியதெல்லாம் தெரியும்.

லேபிள்

இங்கிலாந்திலிருந்து வந்த உடையில் தேட வேண்டிய முதல் அடையாளம் "சிசி41". ஒரு பக்கம் துண்டு வெட்டி எடுத்த இரண்டு வட்டப் பாலாடைக்கட்டிகள் போன்ற இரண்டு சி எழுத்துகளும், அவற்றோடு 41 என்ற எண்ணும் சேர்ந்த சிறிய கறுப்பு முத்திரை. போர்க்காலத்தில் பிரிட்டிஷ் அரசு துணியின் அளவையும் தரத்தையும் விலையையும் கட்டுப்படுத்திய "யூட்டிலிட்டி" திட்டத்தின் அடையாளம் அது. 1941-இல் தொடங்கி 1952-இல் முடிந்தது. பழைய உடையில் இவ்வளவு குறுகிய காலத்தைத் தரும் அடையாளம் அபூர்வம். ஆனால் அது உடை தயாரான காலத்தை மட்டுமே சொல்கிறது. தங்கவயலுக்கு எப்போது வந்தது, யார் கொண்டுவந்தார்கள் என்பது வேறு கேள்வி. 1948-இல் விடுமுறைக்குப் போன அதிகாரியின் மனைவி வாங்கி வந்திருக்கலாம், பிற்காலத்தில் பார்சலில் வந்த பழைய துணியாகவும் இருக்கலாம்.

"செயின்ட் மைக்கேல்" லேபிளும் அடிக்கடி வரும். மார்க்ஸ் அண்ட் ஸ்பென்சர் அந்தப் பெயரை 1928 முதல் 2000 வரை வைத்திருந்தது. எழுபது வருடத்துக்கு மேல் நீண்ட பெயர் தனியாக எதையும் நிரூபிக்காது. பக்கத்தில் துவைக்கும் முறையைச் சொல்லும் படங்கள் இருக்கின்றனவா என்று பாருங்கள். தொட்டி, இஸ்திரிப் பெட்டி, முக்கோணம் போன்ற அந்தக் குறியீடுகளை ஒழுங்குபடுத்திய ஐரோப்பிய அமைப்பு 1963-இல்தான் உருவானது. நூல் பந்து போன்ற வளைகோட்டு வூல்மார்க் முத்திரை 1964-இல் வந்தது. இந்த இரண்டில் ஒன்று இருந்தாலும் "துரை காலத்துக் கோட்டு" என்ற பேச்சுக்கு இடமில்லை.

நம் ஊர்த் தையற்கடை லேபிள்களுக்கு இத்தகைய வெளிநாட்டுப் பட்டியல்கள் உதவாது. ஆனால் அவற்றில் வேறொன்று இருக்கிறது: முகவரி. ஊரின் பெயரும் அஞ்சல் எண்ணும் அரசாணையால் மாறுபவை, அவற்றுக்குத் தேதி உண்டு. பெங்களூர் கண்டோன்மெண்ட் பகுதி வெள்ளையர் ஆட்சியில் "சிவில் அண்ட் மிலிட்டரி ஸ்டேஷன்" என்று தனி நிர்வாகமாக இருந்தது. 1949-இல் பெங்களூர் மாநகராட்சியோடு இணைந்தது. லேபிளில் "சி. அண்ட் எம். ஸ்டேஷன்" என்று இருந்தால் அந்தக் காலத்துக்கு முந்தையதாகவே இருக்க வாய்ப்பு அதிகம். ஆறு இலக்க பின்கோடு 1972 ஆகஸ்ட் 15-இல் அறிமுகமானது. அதற்கு முன் "பெங்களூர்-1", "மெட்ராஸ்-2" என்று ஓரிரண்டு இலக்கம்தான். தங்கவயல் கடை லேபிளில் 563 என்று தொடங்கும் ஆறு இலக்கம் இருந்தால் கீழ் எல்லை உறுதியாக 1972. "மைசூர் ஸ்டேட்" என்ற பெயர் 1973 நவம்பர் 1-இல் கர்நாடகம் ஆனது. "மெட்ராஸ் ஸ்டேட்" 1969 ஜனவரியில் தமிழ்நாடு ஆனது.

இதிலும் ஒரு பக்கம் மட்டுமே கெட்டி. புதிய பெயரோ எண்ணோ இருந்தால் அந்த ஆண்டுக்கு முன் போக முடியாது. பழைய பெயர் இருந்தால் சற்றுப் பின்னாலும் போகலாம். லேபிளை ஒரே தடவையில் நூற்றுக்கணக்கில் நெய்து வாங்கி வைத்திருக்கும் கடைக்காரர், பின்கோடு வந்ததற்காக அதைக் குப்பையில் போடமாட்டார். நான் இதற்கு ஐந்து வருடம் தள்ளுபடி கொடுப்பது வழக்கம். சிறு கடையாக இருந்தால் இன்னும் கூட.

வேலை உடைகளில் நிறுவனத்தின் பெயர் அச்சாகியிருந்தால் அதையும் இப்படியே பாருங்கள். சுரங்கங்கள் 1956-இல் மைசூர் அரசின் கைக்கு வந்தன, 1962-இல் மத்திய அரசுக்குப் போயின, 1972-இல் பாரத் கோல்ட் மைன்ஸ் லிமிடெட் ஆயின. "பிஜிஎம்எல்" எழுத்து உள்ள மேலங்கியை வெள்ளைக்காரன் காலத்தது என்று விற்பவரிடம் விவாதிக்க வேண்டாம், அடுத்த கடைக்குப் போங்கள்.

தையல்

தையலில் முதலில் பார்க்க வேண்டியது துணி ஓரத்தின் பிசிறை எப்படி அடக்கியிருக்கிறார்கள் என்பது. இன்று எந்தக் கடையில் தைத்தாலும் ஓவர்லாக் இயந்திரம் ஓரத்தை நறுக்கியபடியே மூன்று நான்கு நூலால் சுற்றிவிடும். அந்த இயந்திரம் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலேயே மேல்நாட்டு ஆலைகளுக்கு வந்துவிட்டது. ஆகவே ஆலையில் தயாரான பனியனிலோ ஸ்வெட்டரிலோ ஓவர்லாக் இருப்பது எதையும் சொல்லாது. அளவு கொடுத்துத் தைத்த கவுனிலும் பேண்டிலும்தான் அது சாட்சி. அங்கே பழைய கை வேறு மாதிரி இருக்கும்: ஓரத்தைக் கையால் சாய்வாகச் சுற்றித் தைத்திருக்கும், அல்லது பல் வெட்டும் கத்தரியால் பல் பல்லாக நறுக்கியிருக்கும், அல்லது மெல்லிய துணியில் ஓரமே வெளியே தெரியாதபடி இருமுறை மடித்து பிரெஞ்ச் தையல் போட்டிருக்கும். அளவுத் தையலில் சீரான ஓவர்லாக் தெரிந்தால், பழையது என்று சொல்லும் முன் தயங்குங்கள்.

காஜாவை வைத்து வயது சொல்ல முயலாதீர்கள். கைக் காஜாவில் வெட்டிய விளிம்பு முழுக்கச் சின்னச் சின்ன முடிச்சுகள் வரிசையாக உட்கார்ந்திருக்கும். இயந்திரக் காஜாவில் இரு பக்கமும் நெருக்கமான குறுக்குத் தையல் ஓடி, நடுவில் வெட்டிய இடத்தில் பிசிறு எட்டிப்பார்க்கும். வித்தியாசம் தெளிவானது. ஆனால் காஜா எடுப்பதற்கென்றே ஆள் வைத்துக்கொள்ளும் நம் தையற்கடைகளில் கைக் காஜா மிகச் சமீபம் வரை நீடித்தது. மேல்நாட்டுப் புத்தகங்கள் கைக் காஜாவைப் பழமையின் அடையாளமாகச் சொல்வதை இங்கே அப்படியே எடுத்துக்கொண்டால் ஏமாந்துபோவோம்.

நூல் இன்னும் நம்பகமானது. உள்ளே விட்ட துணியிலிருந்து, வெளியே தெரியாத இடத்தில், அரை விரல் நீள நூலை மட்டும் எடுங்கள். இடுக்கியில் பிடித்து, எவர்சில்வர் தட்டுக்கு மேல் தீக்குச்சியைக் காட்டுங்கள். பருத்தி காகிதம் எரியும் வாசனையோடு எரிந்து மென்மையான சாம்பலாகும். கம்பளி தலைமுடி கருகும் நாற்றத்தோடு சுருங்கி, விரலில் நசுக்கினால் பொடியாகும். பாலியெஸ்டர் உருகிச் சுருண்டு, நசுங்காத கறுப்பு மணியாக நிற்கும். டெரிலின் என்ற பாலியெஸ்டர் பிரிட்டனில் 1941-இல் கண்டுபிடிக்கப்பட்டாலும் கடைக்கு வந்தது 1950-களில். இந்தியாவில் 1960-களில்தான் இழை தயாரானது. பாலியெஸ்டர் நூலால் முதல் தையலே போட்ட ஓர் உடை 1950-களுக்கு முன்னதாக இருக்க முடியாது. ரேயான் லைனிங்கும் காகிதம் போலவே எரியும் என்பதை நினைவில் வையுங்கள். அதைப் பருத்தி என்று எழுதிவிடாதீர்கள்.

கடைசியாக, உள்ளே எவ்வளவு துணி விட்டிருக்கிறது என்று அளந்து பாருங்கள். பழைய அளவுத் தையலில் பேண்டின் பின் நடுத் தையலில் ஒரு இஞ்ச்சோ ஒன்றரை இஞ்ச்சோ துணி விடுவார்கள், பிறகு பெரிதாக்குவதற்காக. அந்த மடிப்புக்குள் துணியின் அசல் நிறம் வெளுக்காமல் இருக்கும். வெளுக்காத பட்டை இப்போது வெளிப்பக்கம் தெரிந்தால் உடையைப் பெரிதாக்கியிருக்கிறார்கள். வெளுத்த பகுதி உள்ளே போயிருந்தால் சிறிதாக்கியிருக்கிறார்கள். இது வயதைச் சொல்லாது. ஆனால் எந்தத் தையல் முதலாவது, எது இரண்டாவது என்று வரிசைப்படுத்த இதைவிட நல்ல வழி இல்லை.

ஒரு கோட்டும் பேண்டும்

ராபர்ட்சன்பேட்டை வீடொன்றிலிருந்து வந்த கருநீலக் கம்பளி சூட் ஒன்றை எடுத்துக்கொள்வோம். வீட்டார் சொன்னது: கம்பெனியை அரசு எடுத்துக்கொண்ட 1956-இல் ஊருக்குப் போன ஒரு துரை, பாட்டனாருக்கு விட்டுச் சென்றது, அப்போதே அதற்கு இருபது வயது இருக்கும். அதாவது 1930-களின் உடை.

கோட்டின் உள் பாக்கெட்டுக்கு மேலே நெய்த லேபிள். கமர்ஷியல் ஸ்ட்ரீட் முகவரி, "பெங்களூர்-1". ஸ்டேஷன் என்ற சொல் இல்லை, ஆறு இலக்கமும் இல்லை. 1949-க்கும் 1972-க்கும் இடையில் என்று இது சாய்கிறது, மேல் எல்லையில் நான் சொன்ன தள்ளுபடியோடு. "ஸ்டேஷன் என்று இல்லை" என்பது இல்லாததை வைத்துச் செய்யும் ஊகம், பலவீனமானது. ஆகவே 1930-கள் என்ற கதையை இதை மட்டும் வைத்துத் தள்ள நான் விரும்பவில்லை. லைனிங் காகித வாசனையோடு எரிந்தது. கோட்டின் தையல் நூல் எல்லாம் பருத்தி. பாலியெஸ்டர் எங்கும் இல்லை.

பேண்டில்தான் குழப்பம். முன்பக்கம் நைலான் சுருள் ஜிப். அதை அப்படியே நம்பினால் சூட் 1960-களுக்குப் பிறகு வந்துவிடும். ஆனால் ஜிப்பைத் தைத்த நூல் உருகி மணியாகிறது. பக்கத்துத் தையல் நூலோ பருத்தி. ஜிப்பை மூடும் இடப்பக்கப் பட்டியைத் திருப்பிப் பார்த்தால், லைனிங்குக்கு அடியில் நான்கு கைக் காஜாக்கள் வாய் தைத்து மூடப்பட்டிருக்கின்றன. வலப்பக்கத்தில் அவற்றுக்கு நேராக, பொத்தான் பிடுங்கிய இடத்தில் நூல் துணுக்குகள். முதலில் இது பொத்தான் வைத்த பேண்ட். இடுப்புப் பட்டியின் உட்புறம் தோள்வாருக்கான பொத்தான்கள் இன்னும் இருக்கின்றன. ஜிப் பிற்கால வேலை என்று ஒதுக்கிவிடலாம்.

இப்போது பாக்கெட் பைகள். எந்தப் பேண்டிலும் முதலில் ஓட்டையாவது இவைதான், முதலில் மாற்றப்படுவதும் இவைதான். வலது பை வேறு துணி, பாலியெஸ்டர் நூல், மாற்றியது. இடது பை தடித்த பருத்தித் துணி, பருத்தி நூல், ஒரே ஒரு ஊசித்துளை வரிசை, அசல். அந்த இடது பையை வெளியே இழுத்தால் அடிமடிப்பில் ஊதா மையில் ஆலை முத்திரையின் வெட்டுப்பட்ட ஒரு துண்டு. விலையின் எண்கள் அழிந்துவிட்டன. அவற்றின் அருகே சிறிய "என்", பெரிய "பி" என்ற இரண்டு ஆங்கில எழுத்துகள் மட்டும் தெளிவாக நிற்கின்றன. நயா பைசாவின் சுருக்கம் அது. ரூபாயை நூறு நயா பைசாவாகப் பிரித்தது 1957 ஏப்ரல் 1-இல். அதற்கு முன் அணாவும் பைசாவும். 1964 ஜூனில் "நயா" என்ற சொல்லை அரசு விட்டுவிட்டது.

ஆக, அசல் பாகம் ஒன்று 1957-க்கு முன் போக முடியாது என்கிறது. பேண்ட் முழுவதும் அதற்குக் கட்டுப்பட்டது. கோட்டு? இரண்டும் ஒரே துணியா என்று பார்க்க வேண்டும். ஒரு இஞ்ச்சுக்குள் நெடுக்கு இழைகளையும் குறுக்கு இழைகளையும் லென்ஸில் எண்ணினேன், இரண்டிலும் ஒன்றுதான். வெளுக்காத உள்மடிப்பின் நிறமும் ஒன்று. ஒரே தானில் வெட்டிய ஜோடி. முடிவு: 1957-க்குப் பின், பெரும்பாலும் 1960-களின் நடுப்பகுதிக்குள். மேல் எல்லைக்குச் சாட்சிகள் லேபிள், பொத்தான் முன்பக்கம், பாலியெஸ்டர் இல்லாமை, முத்திரை. இவற்றில் எதுவும் தனியாக அறுதியிடாது, நான்கும் ஒரே பக்கம் சாய்கின்றன. ஜிப்பும் வலது பையும் அதற்குப் பல வருடம் கழித்து மாற்றப்பட்டவை.

வீட்டார் கதை என்ன ஆனது? ஆண்டு தவறு, 1956-இல் இந்தச் சூட் தைக்கப்படவே இல்லை. கொடுத்தவர் துரையா இல்லையா என்பதை உடை சொல்லாது. தேசியமயமான நாளிலேயே எல்லா வெள்ளைக்காரரும் கப்பல் ஏறிவிடவில்லை. பாட்டனாரே சம்பாதித்துத் தைத்ததாகவும் இருக்கலாம். அதைச் சொல்ல ஒரு புகைப்படமோ கடை ரசீதோ வேண்டும். ஆகவே கதையை அழிக்காமல், "குடும்பத்தார் சொன்னது" என்று தனி வரியில் எழுதி வைத்தேன்.

நீங்களும் ஒவ்வொரு உடைக்கும் ஒரு சீட்டு எழுதுங்கள். கீழ் எல்லை, அதற்கான ஆதாரம், மேல் எல்லை, அதற்கான ஊகம், மாற்றிய பாகங்கள், கேட்ட கதை என்று வரிசையாக வரட்டும். ஒற்றை ஆண்டைப் போடாதீர்கள். சீட்டைக் குண்டூசியால் குத்தினால் துருக்கறை விழும். வெள்ளைப் பருத்தி நாடாவில் பென்சிலால் எழுதி, உள்தையலில் இரண்டு நூல் போட்டுப் பிடித்துவிடுங்கள். உலோக ஜிப் துணியைத் தொடும் இடத்தில் வெள்ளை மல் துணி ஒன்றை மடித்து வைத்து, பழைய பருத்தி வேட்டியில் சுற்றிப் பெட்டியில் வையுங்கள். பிளாஸ்டிக் பை வேண்டாம், ஈரம் உள்ளேயே தங்கிவிடும்.